படியைக் குறைத்துக்கொண்டே போனால் விடை எங்கே கெடுகிறது?

ஒரு வளைகோட்டின் சாய்வைக் கணினி கணக்கிட்டாலும், ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்த்தாலும், விடையில் இரண்டு வேறுபட்ட பிழைகள் சேருகின்றன. முதலாவது, கணக்கிடும் முறையிலிருந்தே வருகிறது. வகைக்கெழு என்பது படியின் அளவு சுழியை நோக்கிச் செல்லும்போது கிடைக்கும் எல்லை மதிப்பு. கணினியால் அந்த எல்லைவரை போக முடியாது. ஏதோ ஓர் அளவில் படியை நிறுத்தியாக வேண்டும். முடிவில்லாமல் நீளும் டெய்லர் தொடரின் முதல் சில உறுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதற்கு இது சமம். விட்ட பகுதிதான் துண்டிப்புப் பிழை. இரண்டாவது, எண்களை எழுதி வைக்கும் இடத்திலிருந்து வருகிறது. கணினியின் நினைவகத்தில் ஓர் எண்ணுக்கு ஒதுக்கிய இடம் குறிப்பிட்ட அளவுதான். அதற்குள் அடங்காத இலக்கங்கள் ஒவ்வொரு கூட்டலிலும் கழித்தலிலும் பெருக்கலிலும் உதிர்ந்து, எண் பக்கத்தில் உள்ள எழுதக்கூடிய எண்ணுக்கு நகர்த்தப்படுகிறது. வகுப்பறைகளில் ‘ரவுண்ட் ஆஃப் எரர்’ என்று சொல்லப்படும் முழுமையாக்கல் பிழை இதுவே.

படியைச் சிறிதாக்கினால் முதல் பிழை குறைகிறது, இரண்டாவது கூடுகிறது. ஆகவே படியின் அளவுக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. அதற்கு இப்பக்கமும் அப்பக்கமும் விடை மோசமாகும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை. ஆனால் இரண்டு பிழைகளையும் தனித்தனியே மதிப்பிடத் தெரிந்திருக்க வேண்டும்.

விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கணக்கை எடுத்துக்கொண்டால் இரண்டையும் கண்ணால் பார்க்கலாம். eˣ என்ற சார்பின் வகைக்கெழு அதே eˣ. எனவே x = 1 என்ற இடத்தில் சாய்வு 2.718281828459045… என்பது உறுதி. இதை அறியாததுபோல் வைத்துக்கொண்டு, 1 என்ற புள்ளியிலும் அதற்கு h தூரம் தள்ளியுள்ள புள்ளியிலும் சார்பின் மதிப்புகளைக் கண்டு, வேறுபாட்டை h-ஆல் வகுக்கலாம். முன்னோக்கு வேறுபாட்டு முறை என்பது இவ்வளவுதான். பைத்தான் மொழியில் சில வரிகள் போதும்.

```python
import math
x = 1.0
for k in range(1, 17):
    h = 10.0**-k
    d = (math.exp(x + h) - math.exp(x)) / h
    print(k, d, abs(d - math.e))
```

ஓட்டிப் பார்த்தால் கிடைக்கும் எண்களில் சில இவை. முதல் நிரல் h, இரண்டாவது கணினி தந்த சாய்வு, மூன்றாவது உண்மையான விடையிலிருந்து விலகல்.

```
1e-1     2.858841955   1.4e-1
1e-2     2.731918656   1.4e-2
1e-4     2.718417747   1.4e-4
1e-6     2.718283187   1.4e-6
1e-8     2.718281822   6.6e-9
1e-10    2.718283376   1.5e-6
1e-12    2.718714143   4.3e-4
1e-14    2.708944180   9.3e-3
1e-16    0.000000000   2.7
```

பட்டியலின் மேல்பாதியில் எல்லாம் பாடநூல் சொல்வதுபோல் நடக்கிறது. படியைப் பத்தில் ஒரு பங்காக்கினால் பிழையும் பத்தில் ஒரு பங்காகிறது. h பத்துக் கோடியில் ஒரு பங்காக, அதாவது 10⁻⁸ ஆக இருக்கும்போது சாய்வு எட்டு இலக்கங்கள் வரை சரியாக வருகிறது. அதன்பிறகு நிலைமை தலைகீழாகிறது. படி நுண்ணியதாகத் தொடர்ந்து சுருங்க, பிழை வளர்கிறது. 10⁻¹²-இல் கிடைக்கும் விடை, 10⁻⁴-இல் கிடைத்ததைவிட மோசம். 10⁻¹⁶-இல் சாய்வு சுழி என்கிறது கணினி; கிடுகிடுவென ஏறும் வளைகோட்டைச் சமதளம் என்று சொல்வதற்கு ஒப்பு.

மேல்பாதியின் பிழை எங்கிருந்து வருகிறது என்பதை டெய்லர் தொடர் நேராகக் காட்டுகிறது. f(x+h) என்பதை விரித்தால் f(x) + h f′(x) + (h²/2) f″(x) + … என்று போகும். f(x)-ஐக் கழித்து h-ஆல் வகுத்தால் f′(x)-உடன் (h/2) f″(x) ஒட்டிக்கொண்டு வருகிறது. இங்கே இரண்டாம் வகைக்கெழுவும் e-தான். ஆகவே துண்டிப்புப் பிழை ஏறத்தாழ 1.36 h. பட்டியலின் மேல்பாதி முழுவதும் 1.4 என்று திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுவே.

கீழ்ப்பாதியைப் புரிந்துகொள்ள, கணினி எண்களை எப்படி வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1985-இல் வெளிவந்த ஐ.இ.இ.இ. 754 தரநிலையின்படி, இரட்டைத் துல்லிய எண் ஒன்றில் இலக்கங்களுக்கு 53 பிட்கள் உண்டு. தசமத்தில் அது சுமார் 16 இலக்கம். அதனால் கணினியின் எண்கோடு தொடர்ச்சியானது அல்ல, புள்ளிகள் வைத்தது. 1-க்கும் 2-க்கும் இடையில் அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளி 2.2 × 10⁻¹⁶. 2-க்கும் 4-க்கும் இடையில் அது இரட்டித்து 4.4 × 10⁻¹⁶ ஆகிறது. eˣ-இன் மதிப்பு இந்தப் புள்ளிகளில் ஒன்றின்மேல்தான் உட்கார முடியும். அதனால் ஒவ்வொரு மதிப்பிலும் இடைவெளியில் பாதியளவு, அதாவது 2.2 × 10⁻¹⁶ வரை பிழை இருக்கலாம்.

இது அற்பமான பிழைதான். அதைப் பெரிதாக்குவது அடுத்து வரும் கழித்தல். h = 10⁻¹² எனும்போது கழிக்கப்படும் இரண்டு எண்களும் இப்படி இருக்கின்றன: 2.718281828461764, 2.718281828459045. முதல் பதினோரு இலக்கங்கள் இரண்டிலும் ஒன்றே. கழித்தவுடன் அவை மறைந்துவிடுகின்றன. மிஞ்சுவது வால்பகுதியில் உள்ள நான்கே இலக்கங்கள். பதினாறு இலக்கத் துல்லியத்தில் தொடங்கிய கணக்கு ஒரே கழித்தலில் நான்கு இலக்கத் துல்லியத்துக்கு இறங்கிவிட்டது. பிறகு 10⁻¹²-ஆல் வகுக்கும்போது அந்தக் கடைசி இலக்கத்தில் இருந்த ஐயம் லட்சம் கோடி மடங்காக ஊதி மேலே வருகிறது. கழித்தல் புதிதாகப் பிழை எதையும் செய்யவில்லை என்பது இங்கே முக்கியம்: அந்தக் கழித்தல் மிகச் சரியாகவே நடக்கிறது. ஏற்கெனவே எண்களுக்குள் ஒளிந்திருந்த பிழையை அது வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவே. எனவே கழிக்கும் வரியைத் திருத்தி எழுதிப் பயனில்லை.

இரண்டு மதிப்புகளில் ஒவ்வொன்றிலும் 2.2 × 10⁻¹⁶ வரை பிழை என்றால், வேறுபாட்டில் 4.4 × 10⁻¹⁶ வரை. h-ஆல் வகுத்தால் முழுமையாக்கல் பிழையின் உச்சவரம்பு 4.4 × 10⁻¹⁶ / h. இப்போது மொத்தப் பிழை இரண்டு உறுப்புகளின் கூட்டல்: 1.36 h + 4.4 × 10⁻¹⁶ / h. ஒன்று h-உடன் ஏறுகிறது, மற்றது h-உடன் இறங்குகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும். சமப்படுத்தினால் h² = 3.3 × 10⁻¹⁶. H சுமார் 1.8 × 10⁻⁸. அங்கே பிழையின் உச்சவரம்பு ஏறத்தாழ 5 × 10⁻⁸. பட்டியலில் 10⁻⁸ என்ற வரிதான் மிகச் சிறந்ததாக இருந்தது. மதிப்பீடு அதே இடத்தைத்தான் சுட்டுகிறது.

அந்த வரியில் பிழை 6.6 × 10⁻⁹ என்று மதிப்பீட்டைவிடச் சிறிதாக வந்ததை முறையின் திறமையாகக் கொள்ளக் கூடாது. அங்கே துண்டிப்புப் பிழை நேர்க்குறியிலும் முழுமையாக்கல் பிழை எதிர்க்குறியிலும் அமைந்து ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொண்டன. x-ஐச் சற்று மாற்றினால் அது மாறிவிடும். துண்டிப்புப் பிழை ஒழுங்கானது, முன்கூட்டியே சொல்லக்கூடியது. முழுமையாக்கல் பிழை h-ஐ இம்மியளவு நகர்த்தினாலும் மேலும் கீழும் துள்ளும். வரைபடத்தில் மொத்தப் பிழையை மடக்கை அளவில் குறித்தால், வலப்பக்கம் மழுமழுவென்ற நேர்கோடும் இடப்பக்கம் கரடுமுரடான கோடும் தெரியும். எந்தப் பிழை ஆட்சி செய்கிறது என்று கண்டுகொள்ள இந்தத் தோற்றமே நல்ல அடையாளம்.

இதிலிருந்து நடைமுறை விதி ஒன்று பிறக்கிறது: முன்னோக்கு வேறுபாட்டுக்கு, எண்களின் துல்லியத்தின் வர்க்கமூலமே படியின் அளவு. இரட்டைத் துல்லியத்தில் 2.2 × 10⁻¹⁶-இன் வர்க்கமூலம் 1.5 × 10⁻⁸. பதினாறு இலக்கத் துல்லியமுள்ள கணினியில் எட்டு இலக்கச் சாய்வுதான் கிடைக்கும், பாதி இலக்கங்கள் கைவிட்டுப் போகும் என்பதே இதன் பொருள். இந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளும்போது x-இன் அளவை மறந்துவிடுவது வழக்கமான தவறு. x பத்து லட்சமாக இருந்தால் அங்கே எண்களின் இடைவெளியே 1.2 × 10⁻¹⁰. 10⁻⁸ என்ற படி அந்த இடைவெளியைப் போல் 86 மடங்குதான். படியிலேயே அரை சதவீதம் வரை தவறு நுழைந்துவிடும். எனவே படியை x-இன் பருமனால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

படிக்குள்ளேயே நுழையும் இந்தத் தவறு x = 1-இலும் உண்டு. 1 + 10⁻¹² என்பது கணினியின் எண்கோட்டில் உள்ள புள்ளி அல்ல. அருகிலுள்ள புள்ளிக்கு நகர்ந்தபின் உண்மையில் எடுத்து வைத்த படி 1.0000889 × 10⁻¹². ஆனால் நிரல் வகுப்பது 10⁻¹²-ஆல். xh = x + h என்று கணக்கிட்டுவிட்டு, xh − x என்பதையே படியாக வைத்து வகுத்தால், பட்டியலின் 10⁻¹² வரியில் பிழை 4.3 × 10⁻⁴-இலிருந்து 1.9 × 10⁻⁴-ஆகக் குறைகிறது. செலவே இல்லாத திருத்தம். படியை 2-இன் அடுக்காக, சான்றாக 2⁻²⁶ என்று எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இராது.

நல்ல படியைத் தேர்ந்தெடுத்தும் பாதி இலக்கங்கள்தான் என்றால், மேற்கொண்டு துல்லியம் பெற வழி படியை மேலும் கசக்குவதில் இல்லை, முறையை மாற்றுவதில் இருக்கிறது. ஒரு புள்ளியின் முன்னும் பின்னும் சம தூரத்தில் மதிப்புகளை எடுத்து, வேறுபாட்டை 2h-ஆல் வகுத்தால் டெய்லர் தொடரின் இரட்டைப்படை உறுப்புகள் தாமாகவே அடிபட்டுப் போகும். துண்டிப்புப் பிழை h-க்கு விகிதமாக இல்லாமல் h²-க்கு விகிதமாகிறது. இந்தக் கணக்கில் 0.45 h². முழுமையாக்கல் பிழை 2.2 × 10⁻¹⁶ / h வரை. இவற்றின் கூட்டல் மிகக் குறைவாக இருப்பது h சுமார் 6 × 10⁻⁶ எனும்போது. பிழை 5 × 10⁻¹¹ அளவு. படி முந்நூறு மடங்கு பெரிது, விடையோ ஆயிரம் மடங்கு துல்லியம். நுண்ணிய படிதான் நல்ல படி என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சாய்வைக் காணும் கணக்கில் ஒரே ஒரு கழித்தல்தான். வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும்போது நிலைமை வேறு: அங்கே ஒவ்வொரு படியிலும் ஒரு சிறு முழுமையாக்கல் நடக்கிறது, படிகளோ லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் இருக்கலாம். y′ = y, y(0) = 1 என்ற மிக எளிய சமன்பாட்டை x = 1 வரை கொண்டுபோனால் விடை மீண்டும் e. ஆய்லரின் முறையில் ஒவ்வொரு படியிலும் y-உடன் h·y கூட்டப்படுகிறது. பத்துப் படிகளில் 2.5937 கிடைக்கிறது, நூறு படிகளில் 2.7048, ஆயிரம் படிகளில் 2.7169. பிழை படிகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைகிறது. N படிகளுக்குச் சுமார் 1.36 / n.

இதே கணக்கை ஒற்றைத் துல்லியத்தில் செய்து பார்க்கலாம். வரைகலை அட்டைகளிலும் சிறு கட்டுப்பாட்டுக் கருவிகளிலும் இன்றும் பெருமளவு புழங்கும் வடிவம் இது. இலக்கங்களுக்கு 24 பிட்கள், தசமத்தில் ஏழு இலக்கம். 1-க்கும் 2-க்கும் நடுவே எண்களின் இடைவெளி 1.19 × 10⁻⁷. ஒரு கோடி படிகள் என்று வைத்துக்கொண்டால் h = 10⁻⁷. முதல் படியில் y-உடன் கூட்ட வேண்டியது 10⁻⁷. அது ஓர் இடைவெளியின் 0.84 பங்கு. பாதிக்கு மேல் என்பதால் ஒரு முழு இடைவெளியாக மேல்நோக்கி நகர்த்தப்படுகிறது. அடுத்த படியிலும் அதேதான். y வளர்ந்து 1.19-ஐத் தாண்டியபின் கூட்ட வேண்டியது ஓர் இடைவெளியைவிடப் பெரிது. ஆனாலும் ஒன்றரை இடைவெளியை எட்டும்வரை கூட்டப்படுவது ஒன்றுதான். அதாவது y = 1.788 ஆகும்வரை, சுமார் 66 லட்சம் படிகள், y சீரான ஒரே வேகத்தில் ஏறுகிறது. அடுக்குக்குறி வளைவாக இருக்க வேண்டியது நேர்கோடாகிவிட்டது. அங்கிருந்து 2 வரை படிக்கு இரண்டு இடைவெளி. ஏறத்தாழ 9 லட்சம் படிகள். 2-ஐத் தாண்டியதும் இடைவெளியின் அளவே இரட்டித்து விடுவதால், மீண்டும் படிக்கு ஓர் இடைவெளி. மிச்சமுள்ள 25 லட்சம் படிகளில் y இன்னும் 0.596 ஏறி, ஏறத்தாழ 2.596-இல் முடிகிறது.

பத்துப் படிகளில் கிடைத்த விடை 2.594. ஒரு கோடி படிகளில் கிடைத்தது 2.596. இடையில் செய்த உழைப்பு முழுவதும் முழுமையாக்கலில் கரைந்துவிட்டது. இன்னும் ஒரு படி மேலே போய் h = 10⁻⁸ என்று வைத்தால், 1 + 10⁻⁸ என்பது ஒற்றைத் துல்லியத்தில் 1-ஆகவே முழுமையாகிறது. பத்துக் கோடி படிகளுக்குப் பிறகும் y தொடங்கிய இடத்திலேயே, 1-இல் நிற்கும். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது.

முழுமையாக்கல் பிழைகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று தற்செயலாக அமையும், கூட்டும்போது பெரும்பாலும் அடிபடும் என்று சொல்வது வழக்கம். தற்செயலாக அமைந்தால் n படிகளின் மொத்தப் பிழை n-க்கு விகிதமாக அல்லாமல் n-இன் வர்க்கமூலத்துக்கு விகிதமாகத்தான் வளரும். டிர்க் பிரவர் என்ற வானியலாளர் 1937-இல் கோள்களின் பாதைக் கணக்குகளுக்கு இந்த வளர்ச்சியை ஆராய்ந்தார். அவர் கண்ட விதிக்கு இன்றும் அவர் பெயர் வழங்குகிறது. ஆனால் மேலே பார்த்த கணக்கில் பிழைகள் தற்செயலானவை அல்ல. லட்சக்கணக்கான படிகளில் தொடர்ந்து ஒரே திசையில் முழுமையாக்கல் நடந்தது. கூட்டப்படும் துண்டு எண்களின் இடைவெளிக்கு நிகராகச் சுருங்கும்போது தற்செயல் என்ற கருதுகோளே உடைந்துவிடுகிறது. அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே பாதுகாப்பு.

எங்கே நிறுத்துவது? மிக மோசமான நிலையைக் கருதினால், ஒற்றைத் துல்லியத்தில் ஒவ்வொரு படியிலும் y-இன் மதிப்பில் 6 × 10⁻⁸ பங்கு இழப்பு. 1/h படிகளில் மொத்தம் 6 × 10⁻⁸ / h பங்கு. துண்டிப்புப் பிழை h/2 பங்கு. இரண்டையும் சமப்படுத்தினால் h சுமார் 3.5 × 10⁻⁴. மூவாயிரம் படிகள் அளவு. பிழைகள் தற்செயலாக அமையும் என்று துணிந்தால் லட்சத்தில் ஒரு பங்குவரை படியைக் குறைக்கலாம். உண்மையில் மிகச் சிறந்த படி இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். அதைத் துல்லியமாகத் தேடுவது வீண் வேலை. பிழையின் பள்ளம் அடியில் அகலமானது, h இரண்டு மடங்கு இப்படியோ அப்படியோ இருந்தாலும் மொத்தப் பிழை கால்பங்குதான் கூடும்.

இதுவரை விடை முன்பே தெரிந்த கணக்குகள். விடை தெரியாத கணக்கில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை அறிய, படியைப் பாதியாக்கிப் பார்ப்பதைப் போன்ற நம்பகமான சோதனை வேறில்லை. ஒரே கணக்கை h, h/2, h/4 என்று மூன்று முறை ஓட்டி, அடுத்தடுத்த விடைகளின் வேறுபாடுகளை எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். துண்டிப்புப் பிழை ஆட்சி செய்தால், h-க்கு விகிதமான முறையில் இந்த விகிதம் 2-ஐ நெருங்கும். H²-க்கு விகிதமானதில் 4-ஐ. H⁴-க்கு விகிதமானதில் 16-ஐ. ஆய்லர் முறையில் 100, 200, 400 படிகளுக்கு விடைகள் 2.704814, 2.711517, 2.714892. வேறுபாடுகள் 0.006703, 0.003375. விகிதம் 1.99. படி ஒழுங்காக வேலை செய்கிறது, இன்னும் குறைக்கலாம் என்று பொருள். இதே 10, 20, 40 படிகளில் விகிதம் 1.87, படி இன்னும் முரடாக இருக்கிறது, ஆனால் திசை சரி. விகிதம் திடீரென 1-க்கோ 0.3-க்கோ தாவினால், குறி மாறினால், முழுமையாக்கல் பிழை மேலே வந்துவிட்டது என்று அறியலாம். அப்போது பின்வாங்கி, விகிதம் ஒழுங்காக இருந்த கடைசிப் படியை எடுத்துக்கொள்வதே சரி.

இந்தச் சோதனைக்காக ஓட்டிய கணக்குகள் வீணாவதில்லை. பிழை படிக்கு விகிதமாக இருக்கிறது என்று உறுதியானபின், பாதிப் படியின் விடையை இரட்டித்து முழுப் படியின் விடையைக் கழித்தால் முதன்மையான பிழை நீங்கிவிடும். பத்துப் படிகளில் 2.59374, இருபது படிகளில் 2.65330, இரண்டையும் இப்படிச் சேர்த்தால் 2.71286. ஆய்லர் முறையில் இந்தத் துல்லியத்தைத் தனியே பெற 250 படிகள் வேண்டும். வானிலையைக் கணக்கால் முன்னறிவிக்க முதலில் முயன்ற லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் கையாண்ட உத்தி இது. அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. முழுமையாக்கல் பிழை மிகுந்த இடத்தில் மட்டும் இதைப் பயன்படுத்தக் கூடாது. விடையை இரட்டிப்பது அதில் உள்ள ஒழுங்கற்ற பிழையையும் இரட்டிக்கும்.

உயர்படி முறைகள் ஏன் தேவை என்பதும் இங்கிருந்து விளங்கும். இரட்டைத் துல்லியத்தில் ஆய்லர் முறைக்கு மிகச் சிறந்த படி, மோசமான நிலைக் கணக்கின்படி, 1.5 × 10⁻⁸. அதற்கு ஆறரைக் கோடிக்கு மேல் படிகள் வேண்டும். கிடைக்கும் பிழை 4 × 10⁻⁸. நான்காம் படி ரங்கே-குட்டா முறையில் இதே சமன்பாட்டுக்குத் துண்டிப்புப் பிழை h⁴/120 பங்கு. சமநிலை h சுமார் 1.3 × 10⁻³-இல் வருகிறது. ஏறத்தாழ 800 படிகள், பிழை 3 × 10⁻¹³. ஒவ்வொரு படியிலும் நான்கு முறை சார்பைக் கணக்கிட வேண்டியிருந்தாலும் மொத்தம் 3,200 முறைதான். துல்லியம் லட்சம் மடங்கு கூடியதன் காரணம், முறை நுட்பமானது என்பது மட்டும் அல்ல. படிகள் குறைந்ததால் முழுமையாக்கும் சந்தர்ப்பங்களும் குறைந்தன.

படியைப் பெரிதாக்க முடியாத கணக்குகளும் உண்டு. அங்கே உதிரும் இலக்கங்களைப் பிடித்து வைத்து அடுத்த படியில் திருப்பிச் சேர்ப்பது ஒரு வழி. கேம்பிரிட்ஜின் எட்சாக் போன்ற தொடக்ககாலக் கணினிகளில் நினைவகம் மிகச் சிறிது. 1951-இல் ஸ்டான்லி கில் வெளியிட்ட ரங்கே-குட்டா வடிவத்தில் இந்த ஈடுசெய்தல் உள்ளேயே பொருந்தியிருந்தது. வில்லியம் கஹான் 1965-இல் தந்த கூட்டல் முறையில் அது இன்னும் தெளிவாக அமைந்தது.

```python
c = 0
for i in range(n):
    inc = h*y - c
    t = y + inc
    c = (t - y) - inc
    y = t
```

இங்கே t − y என்பது y-உடன் உண்மையில் சேர்ந்தது. Inc என்பது சேர்ந்திருக்க வேண்டியது. வேறுபாடு c-யில் தங்கி அடுத்த சுற்றில் சரிசெய்யப்படுகிறது. ஒற்றைத் துல்லியத்தில் ஒரு கோடி படிகள் எடுத்தாலும் கூட்டலின் பிழை படிகளின் எண்ணிக்கையோடு குவியாது. இயற்கணிதத்தின்படி c எப்போதும் சுழி. ஆகவே சி போன்ற மொழிகளில் `-ffast-math` என்ற தெரிவைக் கொடுத்துத் தொகுத்தால், தொகுப்பான் அதைத் தேவையற்றது என்று நீக்கிவிடக்கூடும். ஈடுசெய்தல் சேர்த்தும் பலன் தெரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

பெரிய படியால் வரும் எல்லாக் கேடும் துண்டிப்புப் பிழை அல்ல. y′ = −1000y என்ற சமன்பாட்டில் ஆய்லர் முறை ஒவ்வொரு படியிலும் y-ஐ (1 − 1000h)-ஆல் பெருக்குகிறது. h = 0.003 என்றால் அந்தப் பெருக்கி −2. சுழியை நோக்கி விரைய வேண்டிய விடை, குறி மாறி மாறி இரட்டித்துக்கொண்டே போகும். இது நிலைப்புத்தன்மை இல்லாமையால் வருவது. இரண்டு பிழைகளைச் சமப்படுத்தும் கணக்கு இதற்குப் பொருந்தாது. விடை பிரமாண்டமாகி ஊசலாடினால் படி பெரிது. விடை அடக்கமாக இருந்து கடைசி இலக்கங்கள் மட்டும் நடுங்கினால் படி சிறிது.

அளவீட்டிலிருந்து வரும் தரவுகளுக்கு வகைக்கெழு காணும்போது கணினியின் பதினாறு இலக்கம் பொருட்டே அல்ல. அங்கே தரவின் துல்லியம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு கருவி ஆறு இலக்கம் வரைதான் நம்பத்தக்கது என்றால், மேலே கண்ட சூத்திரத்தில் 10⁻¹⁶-க்குப் பதில் 10⁻⁶-ஐ இட வேண்டும். முன்னோக்கு வேறுபாட்டுக்குப் படி ஆயிரத்தில் ஒரு பங்கு அளவாகிறது, சாய்வு மூன்று இலக்கம்தான் தேறும். சார்பின் மதிப்பே வேறொரு தோராயக் கணக்கிலிருந்து, சான்றாகப் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு மறுசெயல் முறையிலிருந்து வந்தாலும் இதே நிலைதான்.

இன்றைய மென்பொருள்கள் படியைத் தாமே தேர்ந்தெடுக்கின்றன. பைத்தானின் `solve_ivp`-இல் பயனர் கொடுப்பது படியின் அளவை அல்ல, ஏற்கத்தக்க பிழையை. ஒவ்வொரு படியிலும் இரண்டு வெவ்வேறு துல்லியமுள்ள சூத்திரங்களின் விடைகளை ஒப்பிட்டு, வேறுபாடு அந்த வரம்புக்குள் வருமாறு படி சுருக்கப்படுகிறது அல்லது நீட்டப்படுகிறது. அந்த ஒப்பீடு துண்டிப்புப் பிழையை மட்டுமே அளக்கிறது. முழுமையாக்கல் பிழை அதன் கண்ணில் படாது. அதனால்தான் `rtol` என்ற வரம்புக்கு ஓர் அடித்தளம் வைத்திருக்கிறார்கள்: எண்களின் துல்லியத்தைப் போல் நூறு மடங்கு, அதாவது 2.2 × 10⁻¹⁴. அதற்குக் கீழே கேட்டால் மென்பொருள் எச்சரித்துவிட்டு அந்த எண்ணையே வைத்துக்கொள்ளும். எதையும் மாற்றாவிட்டால் `rtol`-இன் மதிப்பு 10⁻³. படிக்குப் படி மூன்று இலக்கம்தான். பெரும்பாலான பொறியியல் கணக்குகளில் அதை 10⁻⁶-இலிருந்து 10⁻¹⁰-க்குள் வைத்து ஒருமுறையும், நூறில் ஒரு பங்காகக் குறைத்து மறுமுறையும் ஓட்டி, இரண்டு விடைகளிலும் ஒத்துப்போகும் இலக்கங்களை மட்டும் எழுதிக்கொள்வது போதுமானது.